உயிர் நண்பனின் ரிசப்ஷனில் மைக் பிடிப்பது எப்படி?

உயிர் நண்பனின் கல்யாணத்தில் பேச மூன்று தகுதிகள் வேண்டும். அவனைப் பல வருடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அவனைப் பற்றி வெளியே சொல்லக்கூடாதது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். சொன்னால்தான் என்ன என்ற துணிச்சல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒருசேர உள்ள ஆளைத் தேடிப் பிடித்துத்தான் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு மூன்றும் இருந்தன. ஒரு நண்பனின் ரிசப்ஷனில் 17 நிமிடம் பேசினேன். ஏழாவது நிமிடத்தில் வீடியோக்காரர் லைட்டை அணைத்தார். பத்தாவது நிமிடத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து சாப்பிடப் போனார். சாப்பிட்டு, கை கழுவி, பீடாவை மென்றுகொண்டே திரும்பி வந்து, நான் இன்னும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பாட்டுக் கூடத்துக்கே போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் மேடையேறினாலும் முதலில் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். எப்படிப் பேசக்கூடாது என்பதில் எனக்கு நிகர் கிடையாது என்பது அவர்கள் கணக்கு.

ரிசப்ஷனில் நண்பன் பேசும் இந்த வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அங்கே மதுக் கோப்பையில் மசாலா சேர்த்து வாட்டிய ரொட்டித் துண்டைப் போட்டுக் குடிப்பார்கள். அந்த ரொட்டியின் பெயர்தான் வாழ்த்துக்கும் ஒட்டி, ‘டோஸ்ட்’ ஆனது. ரொட்டி காணாமல் போய்விட்டது, பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது. நம் மண்டபத்தில் கோப்பையும் கிடையாது. அதிகபட்சம் ஒரு பேப்பர் கப் ரோஸ் மில்க் கையில் இருக்கும், அதையும் மேடையேறும்முன் யாராவது வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கல்யாணத்தில் பேசுவது நமக்கொன்றும் புதிதல்ல. சுயமரியாதைத் திருமணங்களில் புரோகிதர் கிடையாது. தலைவர் ஒருவர் முன்னின்று நடத்தி வைப்பார், அவருடைய பேச்சுதான் அங்கே முக்கிய நிகழ்ச்சி. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அந்தத் திருமணங்கள் செல்லும் என்று சட்டமே வந்தது. அந்தப் பந்தல்களுக்குப் பேச்சைக் கேட்கவென்றே கூட்டம் வந்தது. தம்பி, உங்கள் பேச்சைக் கேட்க யாரும் வரவில்லை. இதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

அடுத்தது காலநேரம். வெளிநாட்டில் மாப்பிள்ளைத் தோழன் பேசும்போது கல்யாணம் முடிந்திருக்கும், மோதிரம் மாற்றிக் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். அதனால் அவன் எதை உளறினாலும் விருந்தோடு போய்விடும். நம் ஊர்களில் பெரும்பாலும் ரிசப்ஷன் முதல் நாள் சாயங்காலம், முகூர்த்தம் மறுநாள் விடியற்காலை. நீங்கள் மைக் பிடிக்கும் நேரத்தில் தாலி கட்ட இன்னும் ஒன்பது, பத்து மணி நேரம் இருக்கிறது. பெண்ணின் பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ‘அந்தக் கோவா ட்ரிப்…’ என்று நீங்கள் ஆரம்பித்தால், அந்த வாக்கியத்தை முடிக்க உங்களுக்கு உரிமை உண்டு, கல்யாணத்தை முடிக்க அவருக்கு நேரம் உண்டு. அரியர் கணக்கும் அப்படித்தான். ஜாதகத்தோடு கொடுத்த பயோடேட்டாவில் என்ன எழுதியிருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

சரி, எவ்வளவு நேரம் பேசலாம்? கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அவசரப்படாமல், மண்டபத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிப் பேசினால் நிமிடத்துக்கு எனக்கு 90 வார்த்தைகள் வருகின்றன. இரண்டு நிமிடத்துக்கு 180. கை தட்டுவதற்கும் சிரிப்பதற்கும் அரை நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் சிரிக்காவிட்டால் அந்த அரை நிமிடம் மிச்சம். மூன்று நிமிடத்தைத் தாண்டும் எந்தப் பேச்சும் முதல் பந்தியோடு போட்டி போடுகிறது. முதல் பந்தியை ஜெயித்த பேச்சாளர் தமிழ்நாட்டில் இதுவரை பிறக்கவில்லை.

இனி முக்கியமான விஷயம், உள்குத்து நகைச்சுவை.

போன வருடம் என் சித்தி மகன், தன் ஹாஸ்டல் நண்பனின் கல்யாணத்துக்குப் பேச்சு எழுதிக்கொண்டு வந்தான். மாப்பிள்ளைக்கும் அவனுக்கும் திருச்சியில் நாலு வருடம் ஒரே அறை. “அண்ணா, கேளுங்க. செமையா வந்திருக்கு” என்று போனைத் திறந்தான். நான் கேட்பதால் பயனில்லை என்று சொல்லி, கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த என் அம்மாவிடம் அழைத்துப்போனேன். அவனுக்குப் பெரியம்மா. வாசித்தான்.

“ஹாய் போண்டா! கடைசியில நீயும் மாட்டிக்கிட்ட மச்சி. 214-ஐ மறந்துட்டியா? அந்த ‘சார், கரண்ட்’ மேட்டரைச் சொல்லட்டுமா? வேணாம், பெரியவங்க இருக்காங்க. நம்ம பசங்களுக்குத் தெரியும்… இல்லடா?”

அம்மா கீரைக்காம்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“போண்டா யாருடா?”

“மாப்பிள்ளைதான் பெரியம்மா. முதல் வருஷம் கேன்டீன்ல…”

“214 பஸ் எங்கே போகும்?”

“பஸ் இல்ல பெரியம்மா. எங்க ரூம் நம்பர்.”

“கரண்ட்டுன்னா, அந்தப் பையன் இ.பி.-யில இருக்கானா?”

அவன் போனை அணைத்தான். இதற்குப் பெயர் பெரியம்மா சோதனை. செலவு கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் கீரை உருவும் ஒருவர் இருக்கிறார். மாப்பிள்ளையை அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அவர் ‘யாரு?’, ‘எது?’, ‘ஏன்?’ என்று கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அங்கேதான் மண்டபம் உங்களை விட்டுப் போகிறது.

மண்டபத்தில் 400 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘சார், கரண்ட்’ என்றதும் ஆறு பேர் நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம், பேச்சு ஜெயித்துவிட்டது என்று. மீதி 394 பேரும் உங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு, திரும்பி அந்த ஆறு பேரைப் பார்க்கிறார்கள். ‘அப்படி என்ன நடந்திருக்கும்?’ என்று பெண் வீட்டார் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அவர்களாக யோசித்துக்கொள்வது, நடந்ததைவிட எப்போதும் மோசமாகத்தான் இருக்கும். ‘வேணாம், பெரியவங்க இருக்காங்க’ என்ற வரி இருக்கிறதே, அதைவிட ஆபத்தான வரியை நான் பார்த்ததில்லை. ஒன்றுமே சொல்லாமல் எல்லாவற்றையும் சந்தேகப்பட வைக்கும். அதன்பின் உங்கள் பேச்சு எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் கூட்டத்தைப் பார்க்காதீர்கள், மாப்பிள்ளையைப் பாருங்கள். வாய் சிரித்தபடியே நிற்க, கண் மட்டும் தன் அப்பாவைத் தேடினால், நீங்கள் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டிய நேரம் அது.

“அப்போ அந்த மேட்டரை எடுத்துடட்டுமா அண்ணா?” என்றான் தம்பி.

எடுக்க வேண்டாம். உள்குத்து என்பது ஒரு கதையின் சுருக்கெழுத்து. அந்த ஆறு பேருக்குக் கதை தெரியும் என்பதால் இரண்டு வார்த்தை போதுமாக இருக்கிறது. சுருக்கத்தைத் தூக்கிவிட்டுக் கதையைச் சொன்னால் 400 பேருக்கும் புரியும். கதை சொல்லும்படி இல்லை என்றால் சுருக்கமும் வேண்டாம். ஆகவே, “என்னதான் நடந்தது?” என்று கேட்டேன்.

நடந்தது இது. ஹாஸ்டலில் வாட்டர் ஹீட்டருக்குத் தடை. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி ஆறு பேர் சேர்ந்து, பக்கெட்டில் போடும் ஹீட்டரைப் போட்டு நூடுல்ஸ் வேக வைத்தார்கள். ஃபியூஸ் போய், மொத்த பிளாக்கும் இருண்டது. வார்டன் வந்து கேட்டபோது ஆறு பேரும் ஊமை. தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை எழுந்து பழியை ஏற்றுக்கொண்டான், 500 ரூபாய் அபராதமும் கட்டினான். இவன் இதை இரண்டே வார்த்தையில் அடக்கி, அதையும் சொல்லாமல் விடப் பார்த்தான்!

அம்மா மறுபடி கீரையை வைத்தார். “சாப்பிடாமலேயா அபராதம் கட்டினான்? நல்ல பிள்ளையா இருக்கானே.”

பேச்சு அங்கேதான் கிடைத்தது. பெரியம்மா எந்த வரியில் கேள்வியை நிறுத்திவிட்டு அபிப்பிராயம் சொல்கிறாரோ, அதைச் சுற்றிக் கட்டுங்கள். ‘மாப்பிள்ளை தங்கமான மனிதர்’ என்று எந்த மண்டபத்திலும் யாரும் சொல்லலாம், சொல்கிறார்கள். 500 ரூபாய் அபராதத்தை இந்த ஒருவனைப் பற்றித்தான் சொல்ல முடியும்.

இன்னொரு கோளாறு இருந்தது. நாலு பக்கத்தில் மணப்பெண் ஒரு இடத்தில்கூட இல்லை. கடைசியில் ‘அண்ட் சிஸ்டர், ஆல் த பெஸ்ட்’ என்று மட்டும் வருகிறார், ஏதோ பரீட்சை எழுதப் போகிறவர் போல. பெண்ணைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்காது, பரவாயில்லை. இருவரையும் சேர்த்து எங்கே பார்த்தீர்கள், அப்போது உங்கள் நண்பன் எப்படி இருந்தான், இதைச் சொன்னால் போதும். “முகூர்த்தப் புடவை எடுக்கப் போறப்போ நானும் கூடப் போனேன் அண்ணா” என்றான். என்ன நடந்தது என்று கேட்டேன். “ஒண்ணும் நடக்கல, போலீஸ் பிடிச்சாங்க” என்றான். இப்படிப்பட்டவர்களைத்தான் பேசக் கூப்பிடுகிறார்கள்.

சாயங்காலத்துக்குள் பேச்சு இப்படி ஆனது:

“எல்லோருக்கும் வணக்கம். நானும் மாப்பிள்ளையும் ஹாஸ்டல்ல நாலு வருஷம் ஒரே ரூம். ரெண்டாவது வருஷம், பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி, நாங்க ஆறு பேர் சேர்ந்து ஹீட்டர் போட்டு நூடுல்ஸ் வேக வெச்சோம். மொத்த பிளாக்குக்கும் கரண்ட் போச்சு. வார்டன் டார்ச் அடிச்சுக்கிட்டு வந்து, ‘யாருடா காரணம்?’னு கேட்டார். ஆறு பேரும் வாயைத் திறக்கல. மூலையில போர்வையைப் போத்தித் தூங்கிட்டிருந்த ஒருத்தன் எழுந்து, ‘நான்தான் சார்’னு சொன்னான். 500 ரூபாய் அபராதம் கட்டினான். அந்த நூடுல்ஸ்ல அவன் ஒரு வாய்கூடச் சாப்பிடல. ஹீட்டர் என்னோடது.

போன மாசம் முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோம். கார் ஓட்டினது மாப்பிள்ளை. வழி சொன்னது பொண்ணு. கார் ஒன்வேயில நுழைஞ்சிடுச்சு. போலீஸ்காரர் நிறுத்தினதும் இவன் வழக்கம்போல, ‘நான்தான் சார்’னான். பின்சீட்டுலேருந்து ஒரு குரல், ‘இல்ல சார், வழி சொன்னது நான்.’ இத்தனை வருஷத்துல அவன் பழியில பங்கு கேட்ட முதல் ஆள் அவங்கதான்.

அந்த 500 ரூபாயை நான் இன்னும் திருப்பித் தரல. இந்தக் கவர்ல 501 இருக்கு. அந்த ஒரு ரூபாய் மொய். அவன்கிட்ட கொடுத்தா வாங்க மாட்டான், அதனால உங்ககிட்ட கொடுக்கிறேன் சிஸ்டர். ரெண்டு பேரும் நல்லா இருங்க.”

வாசித்துப் பார்த்தபோது இரண்டு நிமிடத்துக்குள் அடங்கியது. அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “வட்டி?” என்று மட்டும் கேட்டார்.

இதில் கேலி உண்டு, ஆனால் அடி வாங்குகிறவன் பேசுகிறவன். ஹீட்டர் யாருடையது என்பதை அந்தக் கதையின் கடைசி வரை வைத்திருந்து தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறான். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்தால் அவன் வீட்டார் முகம் சுண்டும், பெண்ணைக் கிண்டல் செய்தால் ஊரே இரண்டாகும். உங்களையே கிண்டல் செய்துகொண்டால் கேட்க ஆளில்லை. உங்கள் சொந்த அம்மா வேண்டுமானால் வீட்டுக்குப் போனதும் கேட்பார்.

போண்டாவும் போய்விட்டது, கவனித்தீர்களா? தம்பிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ‘போண்டான்னு கூப்பிட்டாத்தான் ஃபீல் வரும் அண்ணா’ என்றான். மேடையிலிருந்து இறங்கிக் கட்டிப்பிடிக்கும்போது காதோடு சொல்லிக்கொள் என்றேன். மைக்கில் சொன்னால் பெண்ணின் தாத்தா உண்மையிலேயே போண்டாவை எதிர்பார்ப்பார். ‘பதினாறும் பெற்று’ என்று முடிக்கவும் அவனுக்கு ஆசை. முடிக்கலாம். ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் அத்தோடு விடுவதில்லை. பதினாறு என்றால் பிள்ளைகள் அல்ல, பேறுகள் என்று விளக்கத்தில் இறங்கி, ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குவார்கள். ஒன்பதில் மறந்துபோகும்.

மேடையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பேச்சை போனில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். இரண்டாவது பத்தியில் திரை இருளும், அல்லது மண்டப வாசலில் நிற்கும் யாரோ ‘எந்த மாடி?’ என்று கேட்டு அழைப்பார். ஒரு பத்திரிகையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மண்டபத்தில் அது நிறையக் கிடைக்கும். இன்னிசைக் குழு இருந்தால் அவர்கள் மைக்தான் உங்களுக்கு வரும். பாட்டுக்காக வைத்த எக்கோ அதில் அப்படியே இருக்கும். அதோடு பேசினால், ‘ஹீட்டர் என்னோடது… டது… டது…’ என்று பழி மூன்று முறை உங்கள் மேல் விழும். பேசும்முன் மிக்சர் முன்னால் இருப்பவரிடம், “அண்ணே, எக்கோவை எடுத்துடுங்க” என்று கேட்டுக்கொள்ளுங்கள். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்து, ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போகாமல் நில்லுங்கள். போனால் அது ஊளையிடும், மண்டபத்தின் கவனம் முழுக்க உங்கள் பக்கம் திரும்பும், ஆனால் நீங்கள் நினைத்த வகையில் அல்ல. பேசுவதற்கு நல்ல நேரம், இருவரும் மேடையேறி நின்ற உடனே, பரிசு கொடுக்கும் வரிசை நகரத் தொடங்குவதற்கு முன். வரிசை நகர ஆரம்பித்துவிட்டால், கையில் டப்பாவோடு நிற்கும் நூறு பேர் உங்களுக்கு எதிரிகள்.

தம்பி ஒன்றே முக்கால் நிமிடம் பேசினான். கவரை நீட்டியபோது பெண் வாங்கிப் பிரித்து, எல்லோர் முன்னிலையிலும் எண்ணிப் பார்த்தார். பெண்ணின் பெரியப்பாதான் முதலில் சிரித்தார். மாப்பிள்ளை அப்பாவைத் தேடவில்லை.

அதன்பின் தம்பி செய்ததுதான் தப்பு. நீங்களாவது செய்யாதீர்கள். பேசி முடித்ததும் மைக்கை மேடைக்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். பக்கத்தில் கை நீட்டிக்கொண்டு நிற்கும் மற்ற ஐந்து நண்பர்களில் யாரிடமும் அதைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.